பதின்மூன்று கிராம் யாருடையது?

ஒரு ரவை பாக்கெட். மேலே 'நிகர எடை 500 கி' என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருப்பது 487 கிராம். அதைக் கட்டிய ஆலையில் ஓர் இயந்திரம் அதை எடை போட்டது, 487 என்று பதிவு செய்தது, பிறகு போகவிட்டது. சட்டப்படி இதில் பிழை எதுவும் இல்லை. அந்த பாக்கெட்டை வாங்கி உப்புமா கிண்டப்போகிறவருக்குத் தன் கையில் 13 கிராம் குறைகிறது என்று தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. ஆலைக்கு மட்டும் தெரியும்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொஞ்ச காலமாகப் படுத்துகிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். பேக்கிங் லைன்களிலிருந்து எடைத் தரவைத் திரட்டி, வரைபடமாகவும் ஷிப்ட் அறிக்கையாகவும் காட்டும் நிரல்களில் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். குறைந்த எடையில் பொருள் விற்பது திருட்டா என்ற கேள்வி பழையது, அதற்குப் பதிலும் எளிது. எனக்கு இருப்பது வேறு கேள்வி. யாருக்கும் தெரியாமல் ஒரு பாக்கெட் குறைந்து போவதற்கும், தெரிந்தே அதை அனுப்புவதற்கும் அறத்தில் வித்தியாசம் உண்டா? உண்டு என்றால், ஒவ்வொரு பாக்கெட்டையும் தெரிந்துகொள்ளும் இயந்திரம் வந்தபிறகு நம் கடமை கூடியிருக்கிறதா?

முதலில், 500 என்று எழுதிவிட்டு ஏன் 500 போட முடியாது என்று பார்த்துவிடலாம்.

ரவை கட்டும் இயந்திரங்களில் எளிமையான ஒரு வகை கப் வைத்தது. மேலே தொட்டி, கீழே சுழலும் தட்டு, தட்டில் வட்டமாகச் சில கப்கள். கப் நிரம்பும், தட்டு சுழலும், கப்பின் அடி திறக்கும், ரவை கீழே பிளாஸ்டிக் பையில் விழும், பை சூட்டில் ஒட்டப்பட்டு அறுபடும். நிமிடத்துக்கு 40 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். இதில் எங்கேயும் தராசு இல்லை என்பதைக் கவனியுங்கள். கப் அளப்பது கன அளவை. நம் பாட்டிகள் படியால் அளந்ததுபோலத்தான். ரவை கொஞ்சம் பருமனாக வந்தால் அதே கப்பில் எடை குறையும். நைஸாக வந்தால் கூடும். தொட்டியில் ரவை தாழ்ந்தால் மேலிருந்து அழுத்தம் குறைந்து கப் சற்றுத் தளர்வாக நிரம்பும். ஆக ஒவ்வொரு பாக்கெட்டும் கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் லைனில் அந்தச் சிதறலின் அளவு, அதாவது திட்டவிலக்கம், 4 கிராம். சராசரி 500 என்றால் நூறில் 95 பாக்கெட்டுகள் 492க்கும் 508க்கும் நடுவில் இருக்கும். மிச்சம் இரு பக்கமும் தள்ளி விழும்.

இதற்கு அடுத்து நிற்பதுதான் செக்வெயர். பார்க்க மூன்று குட்டி பெல்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதுபோல இருக்கும். முதல் பெல்ட் பாக்கெட்டுகளுக்கு இடையில் இடைவெளி உண்டாக்கும். நடு பெல்ட்டின் அடியில் எடை உணரும் லோட்செல் இருக்கும். பாக்கெட் நகர்ந்துகொண்டே அதன்மேல் போகும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அதிர்வு அடங்கி, எடை எடுக்கப்படும். மூன்றாம் பெல்ட்டில் தள்ளுகோலோ காற்றுக் குழலோ இருக்கும். எடை எல்லைக்குக் கீழே இருந்தால் பாக்கெட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்துத் தொட்டியில் போடும். இவ்வளவையும் நிரலில் எழுதினால் சாரம் இதுதான்:

```
net = gross - tare
if net < limit:
    reject()
```

இதில் tare என்பது காலிப் பையின் எடை. limit என்பது ஓர் எண். அந்த எண்ணை இயந்திரம் முடிவு செய்வதில்லை, ஒரு மனிதர் தட்டச்சு செய்கிறார். இந்தக் கட்டுரை கிட்டத்தட்ட முழுவதும் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 87 என்ற பரிந்துரையும் ஐரோப்பாவின் 1976ஆம் ஆண்டு நெறியாணையும் ஒரே யோசனையில் நிற்கின்றன. ஒரு தொகுதியின் சராசரி, அறிவித்த எடைக்குக் குறையக் கூடாது. தனி பாக்கெட் ஓரளவு குறையலாம்; 500 கிராமுக்கு அந்த அளவு 15 கிராம். அதற்கும் கீழே போகும் பாக்கெட்டுகள் மிகச் சிலவாக மட்டுமே இருக்கலாம். அதன் இரு மடங்குக்குக் கீழே, அதாவது 470க்குக் கீழே, ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தியாவின் பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011இன் அட்டவணையிலும் 500 கிராமுக்கு அனுமதித்த பிழை அதே 15 கிராம்தான். எனவே பெரும்பாலான ஆலைகளில் limit என்ற இடத்தில் 485ஓ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். 487 தப்பித்துப் போனது அப்படித்தான்.

எப்போதும் எல்லா இடத்திலும் இப்படி இருந்ததில்லை. பிரிட்டனில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை குறைந்தபட்ச முறைதான் இருந்தது. அதாவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் எழுதியதற்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். அந்தச் சட்டம்தான் சராசரி முறையைக் கொண்டுவந்தது. கேட்டவுடன் இது நுகர்வோருக்கு நேர்ந்த நஷ்டம் மாதிரி தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரி.

நம் லைன் ஒரு நாளைக்கு 30,000 பாக்கெட் கட்டுகிறது என்று வைப்போம். எந்த பாக்கெட்டும் 500க்குக் கீழே போகக் கூடாது என்றால் இரண்டு வழிகள் உண்டு. limit என்ற இடத்தில் 500 என்று போடலாம். அப்போது சரிபாதி, 15,000 பாக்கெட்டுகள், தினமும் தட்டிவிடப்படும். அவற்றை வெட்டி, ரவையைத் திரும்பத் தொட்டியில் கொட்டி, பிளாஸ்டிக்கை வீச வேண்டும். யாரும் இதைச் செய்யமாட்டார்கள். இரண்டாவது வழி, சராசரியை உயர்த்துவது. 508 என்று வைத்தால் நூறில் இரண்டு பாக்கெட்தான் 500க்குக் கீழே போகும். ஆனால் தினமும் 240 கிலோ ரவை கூடுதலாகப் போகும். அதை ஆலை தானமாகத் தராது. விலையில் ஏறும். ஒரு சிலருக்குக் குறையக் கூடாது என்பதற்காக எல்லாரும் 508 கிராமுக்குக் காசு கொடுத்து, அட்டையில் 500 என்று படிப்பார்கள். இதில் நேர்மை கூடியிருப்பதாகச் சொல்ல முடியவில்லை.

தொடர்ந்து வாங்குகிறவருக்குச் சராசரி முறை நியாயமாகவே வேலை செய்கிறது. மாதம் இரண்டு பாக்கெட் என்றால் வருடத்துக்கு 24, மொத்தம் 12 கிலோ. ஒரு பாக்கெட்டில் குறைவது இன்னொன்றில் கூடும். வருட முடிவில் அவருக்கு வரக்கூடிய வித்தியாசம் பெரும்பாலும் 20 கிராமுக்குள். ஒரு கைப்பிடிகூட இல்லை. இதுவரை எனக்குச் சட்டத்தோடு சண்டை இல்லை.

சிக்கல் செக்வெயர் கொடுக்கும் அறிவிலிருந்து தொடங்குகிறது.

இந்த இயந்திரம் இல்லாத காலத்தில் ஆலைக்காரர் மணிக்கு ஐந்து பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்துப் பார்ப்பார். ஐந்தை வைத்து மற்ற 2,395 பற்றி ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் ஆய்வாளரிடம் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் கப்பைக் கொஞ்சம் உயர்த்தி 503, 504 என்று ஓட்டுவார். மளிகைக் கடையில் தராசு முள் நின்றபிறகும் அண்ணாச்சி ஒரு சிட்டிகை அள்ளிப்போடுவாரே, அந்தக் கொசுறு மாதிரி. பேக்கிங் துறையில் இதற்கு கிவ்அவே என்று பெயர். அண்ணாச்சியின் கொசுறு உறவுக்காக. ஆலையின் கொசுறு அறியாமைக்காக. செக்வெயர் வந்ததும் அந்த அறியாமை போய்விட்டது. எல்லா பாக்கெட்டின் எடையும் தெரிவதால் சராசரியை 500.3 என்று பிடித்து நிறுத்தலாம். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிராம் குறைத்தாலே நாளுக்கு 30 கிலோ, வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 9 டன். கிலோ 50 ரூபாய் என்றால் நாலரை லட்சம். இயந்திரம் வாங்கும்போது விற்பனையாளர் போட்டுக்காட்டும் கணக்கு இதுதான். பாதுகாப்புக்காக வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். கொசுறை மிச்சம்பிடிக்கவும்தான் வாங்குகிறார்கள்.

அதுவும் தப்பில்லை. 504 கொடுக்கிறேன் என்று ஆலை யாரிடமும் சொல்லவில்லை. வாக்கு 500க்குத்தான். ஆனால் நாலரை லட்சத்தின் இன்னொரு முனையைப் பார்க்க வேண்டும். வாங்குகிறவருக்கு ஒரு கிராம் ரவை என்பது 5 பைசா. யாருமே உணராத ஓர் இழப்பு, பலரிடம் சேர்ந்து, ஓரிடத்தில் பெரிய தொகையாகிறது. சராசரி 500க்கு மேலே இருக்கும்வரை இது இழப்பே கிடையாது. 499 ஆகிவிட்டால்?

ஜோனதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1975இல் ஒரு கட்டுரையில் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு கிராமத்தில் நூறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள். ஆயுதத்தோடு நூறு கொள்ளையர் வந்து ஆளுக்கு ஒருவர் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமும் வரப்போகிறார்கள், ஆனால் மனசு உறுத்துகிறது. அதனால் முறையை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் நூறு பயறு இருக்கிறது. ஒவ்வொரு கொள்ளையனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு எடுத்துக்கொள்கிறான். கிராமத்தார் அன்றும் பட்டினிதான். ஆனால் ஒரு பயறு குறைவதை எந்த மனிதனும் உணரமுடியாது என்பதால், 'நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை' என்று ஒவ்வொரு கொள்ளையனும் சொல்லிக்கொள்ளலாம். உணரமுடியாத அளவு என்பதால் ஒரு கெடுதல் பூஜ்யமாகிவிடாது என்பதுதான் குளோவரின் வாதம். பயறுக்குப் பதில் ரவை என்று வாசித்துக்கொள்ளலாம்.

உணரமுடியாதது என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு: நிரூபிக்க முடியாதது. ஆய்வாளர் எப்படிச் சோதிக்கிறார் என்று பார்த்தால் இது புரியும். ஆர் 87இன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 2,400 பாக்கெட் கொண்ட தொகுதியிலிருந்து 80ஐ எடுக்க வேண்டும். 485க்குக் கீழே ஐந்து வரை இருக்கலாம். சராசரிக்கு ஒரு சூத்திரம் உண்டு:

x̄ + 0.295 s ≥ 500

x̄ என்பது அந்த 80இன் சராசரி, s அவற்றின் திட்டவிலக்கம். s 4 கிராம் என்றால் 0.295 × 4 = 1.18. அதாவது 80 பாக்கெட்டின் சராசரி 498.9 என்று வந்தால்கூடத் தொகுதி தேறிவிடும். ஏன் இந்தத் தளர்வு? எண்பதை மட்டும் பார்த்தவருக்கு மொத்த 2,400இன் உண்மை தெரியாது. நேர்மையாக 500இல் ஓடும் ஆலையிலும், எடுத்த எண்பது தற்செயலாகக் குறைந்தவையாக அமைந்துவிடலாம். அப்படி ஒரு நல்ல ஆலையைத் தண்டித்துவிடக் கூடாது என்பதற்காகச் சந்தேகத்தின் பலனை ஆலைக்குத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு.

இப்போது செக்வெயர் வைத்திருக்கும் ஆலையை நினையுங்கள். அதற்கு 2,400இன் எடையும் தெரியும். சந்தேகம் எதுவும் இல்லை. அந்த ஆலை சராசரியை 499.5 என்று வைத்து ஓட்டினால், ஆய்வாளர் வந்தாலும் அநேகமாக மாட்டாது. 'சோதனையில் பாஸ் ஆகுதுல்ல' என்ற பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அந்த 1.18 கிராம் ஆய்வாளரின் அறியாமைக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. அறிந்தவர் அதை எடுத்துச் செலவழிப்பது, கண் தெரியாதவருக்கு ஒதுக்கிய இருக்கையில் கண் தெரிந்தவர் போய் உட்காருவது மாதிரி. இருக்கை காலியாக இருந்தது என்பது பதிலாகாது. சட்டமும் இதை அனுமதிக்கவில்லை, சராசரி 500க்குக் குறையக் கூடாது என்றுதான் சொல்கிறது. கண்டுபிடிக்கும் கருவி மட்டும்தான் மழுங்கல்.

இதே தர்க்கத்தை அந்த 15 கிராமுக்கும் நீட்டலாம் என்று தோன்றுகிறது. தனி பாக்கெட்டுக்குச் சலுகை ஏன்? கப் இயந்திரத்தால் துல்லியமாகப் போட முடியாது என்பதால். அது இயலாமைக்கான சலுகை. அப்படியென்றால் நம் இயலாமை எவ்வளவோ அவ்வளவுதான் நமக்குச் சேரும். திட்டவிலக்கம் 4 கிராம் உள்ள இயந்திரத்துக்கு 15 கிராம் தேவையே இல்லை. நன்றாக ஓடும் நாளில் அது மூன்று திட்டவிலக்கத்துக்குக் கீழே, அதாவது 488க்குக் கீழே, ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் போடும். 30,000இல் சுமார் 40. limit என்ற இடத்தில் 485ஐ எடுத்துவிட்டு 488 என்று போட்டால் கூடுதல் செலவு இவ்வளவுதான்: நாளுக்கு 40 பாக்கெட்டை வெட்டிக் கொட்ட வேண்டும். 487 வெளியே போகாது. அதோடு ஒரு லாபமும் உண்டு. 40க்குப் பதிலாக ஒரு நாள் 400 விழுந்தால் எங்கேயோ கப் அடைத்திருக்கிறது, அல்லது ரவை மாறியிருக்கிறது என்று உடனே தெரியும். 485இல் வைத்திருந்தால் அந்தக் கோளாறு சட்டத்தின் நிழலில் படுத்துத் தூங்கும்.

சராசரியைப் பற்றி எனக்கு ஒரு பாடம் எடுத்தவர், ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்த்த அக்கா ஒருவர். ஷிப்ட் அறிக்கை 500.4 என்று காட்டியது. மேலாளருக்குத் திருப்தி. அந்த அக்கா மட்டும் மணிவாரி வரைபடத்தைப் போடச் சொன்னார். எட்டு மணி நேரத்தில் ஏழு மணி நேரம் 501இல் ஓடியிருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் 496. வேறு குடோனிலிருந்து வந்த பருமனான ரவை தொட்டியில் விழுந்திருக்கிறது. ஆபரேட்டர் கவனித்துக் கப்பை உயர்த்துவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

"ஆவரேஜ் சரியாத்தானே இருக்குது?" என்றார் மேலாளர்.

"ஆவரேஜ் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க சார். பொட்டி கடைக்குப் போகுது. அந்த ஒரு மணி நேரத்துப் பொட்டியெல்லாம் வரிசையா அடுக்கி ஒரே வண்டியில ஏறிருக்கும். ஏதோ ஒரு ஊர்க் கடைக்கு இருபதும் கொறையாத்தான் போயிருக்கும்."

நான் அதுவரை பாக்கெட்டுகளை லாட்டரிச் சீட்டுபோல நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்ஷ்டம், எல்லாம் கலந்து சமமாகிவிடும் என்று. உண்மையில் எடை மெதுவாக அலைகிறது. அடுத்தடுத்து வரும் பாக்கெட்டுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. 2,400 பாக்கெட், இருபது வீதம் 120 பெட்டி. ஒரு பெட்டியில் சராசரியாக 80 கிராம் குறைவு. காலையில் சிலருக்குக் குறைத்ததை மாலையில் வேறு சிலருக்குக் கூட்டிக்கொடுத்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்கிறோம். யாருக்கு நேராகிவிட்டது? சராசரி முறையின் நியாயமே, குறைவும் கூடுதலும் ஒரே ஆளைச் சுற்றிச் சுற்றி வரும் என்பதுதான். அது உடையும் இடத்தில் சராசரிக்கு அறத்தில் மதிப்பில்லை.

ஐரோப்பிய நெறியாணையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லைனின் முனையிலேயே சோதித்தால், ஒரு தொகுதி என்பது அந்த லைனின் ஒரு மணி நேர அதிகபட்ச உற்பத்தி என்று வரையறுத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரத்தை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி காட்டித் தப்பிக்க முடியாது. சட்டத்தில் ஒரு சின்ன வரையறைதான். ஆனால் சராசரி யார்மேல் எடுக்கப்படுகிறது என்ற அறக்கேள்விக்கு அது ஒரு பதில். அதன்பிறகு நான் எழுதிய அறிக்கைகளில் ஷிப்ட் சராசரியைக் கடைசி வரிக்குத் தள்ளி, மணிவாரி சராசரியில் மிகக் குறைந்ததை முதல் வரியில் போட்டேன்.

எல்லாம் தெரியும் என்று இவ்வளவு நேரம் செக்வெயரைப் பற்றிச் சொன்னேன். அதன் அறிவுக்கும் ஓட்டைகள் உண்டு, அவற்றையும் சொல்வதே நேர்மை. அது ரவையை எடை போடுவதில்லை. பையையும் சேர்த்து எடை போட்டு, tare என்ற ஒரே நிலையான எண்ணைக் கழிக்கிறது. காலிப் பை 6 கிராம் என்று பதிந்திருக்கிறது. புது பிளாஸ்டிக் சுருள் கொஞ்சம் தடிமனாக வந்து பை 7 கிராம் ஆகிவிட்டால், இயந்திரம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு கிராம் ரவையை அதிகமாகப் பார்க்கும். ஆபரேட்டர் 'கூடுதலா போகுதே' என்று கப்பைத் தாழ்த்துவார். வரைபடத்தில் 500.3 என்ற கோடு ஆடாமல் அசையாமல் ஓடும். வாங்குகிறவர் ரவை விலையில் ஒரு கிராம் பிளாஸ்டிக் வாங்குவார். பொய் சொன்னவர் யாரும் இல்லை. திரையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மணிக்கு ஐந்து பாக்கெட்டை எடுத்து, வெட்டி, ரவையை மட்டும் மேசைத் தராசில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொன்றையும் எடை போடும் இயந்திரம் வந்தபிறகும் அந்த அக்கா ஐந்து பாக்கெட் எடுப்பதை நிறுத்தாததற்குக் காரணம் இதுதான். இயந்திரம் எண்ணிக்கையில் பெரியது. அவர் கையில் இருந்தது சிறிய மாதிரி, ஆனால் கேள்வி வேறு.

தட்டிவிடப்பட்ட பாக்கெட்டுகளின் கதையும் இருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் விழுந்ததை வெட்டிக் கொட்டுவது வேலை. அவசரத்தில் யாராவது அப்படியே எடுத்துத் திரும்ப பெல்ட்டில் வைத்தால், எல்லை ஓரத்தில் இருந்த பாக்கெட் இரண்டாவது தடவை ஒரு கிராம் கூடக் காட்டித் தேறிவிடலாம். நகரும் பெல்ட்டில் அளவிலும் சிறு தடுமாற்றம் உண்டு. பெட்டியில் அடைத்த எண்ணிக்கையும் இயந்திரம் தட்டிவிட்ட எண்ணிக்கையும் கூட்டி, கட்டிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். அதனால்தான் சில ஆலைகளில் அந்தத் தொட்டிக்குப் பூட்டு இருக்கும், சாவி லைன் ஆட்களிடம் இருக்காது.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெரிவதால் கடமை கூடுகிறதா?

கூடுகிறது என்பது என் கட்சி. ஆனால் எல்லையில்லாமல் கூடுவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் எடையும் தெரியும் என்பதற்காக ஒவ்வொன்றையும் 500 ஆக்கும் கடமை வந்துவிடாது. அதற்கு ஆகும் செலவை வாங்குகிறவர்களே சுமப்பார்கள் என்று பார்த்தோம். தெரிந்தவுடன் வருவது வேறொரு கடமை: தெரியாதவர்களுக்காக உண்டான சலுகைகளைத் திருப்பிக் கொடுப்பது. ஆய்வாளரின் சந்தேகத்துக்கு வைத்த 1.18 கிராம் நமக்கில்லை. கப்பின் இயலாமைக்கு வைத்த 15 கிராமில் நம் கப்புக்குத் தேவையான 12தான் நமக்கு. எட்டு மணி நேரச் சராசரி தருகிற மறைவும் நமக்கில்லை, ஏனென்றால் மணிவாரி நமக்குத் தெரியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அப்படியானால் இயந்திரம் வாங்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற ஆலைக்குக் கடமை குறைவா? நல்ல கருவி வைத்திருப்பவனுக்குத் தண்டனையா? கண்ணை மூடியவர் சும்மா இல்லை, அவர் 504 போட வேண்டியிருக்கிறது. அறியாமைக்கு அவர் தினமும் கொசுறு கட்டுகிறார். கருவி வாங்கியவருக்கு அந்தக் கொசுறு மிச்சமாகிறது. 120 கிலோ ரவை தினமும் கைக்கு வரும்போது, நாற்பது பாக்கெட்டை வெட்டிக் கொட்டும் கடமையும் கூட வருவதைப் பெரிய சுமை என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. limit 488 என்று வைத்தாலும் 491 போகும். இயந்திரம் அதைப் பார்க்கும், எழுதிக்கொள்ளும், விடும். ஒரு வீட்டில் அதைப் பிரிப்பார்கள். அவர் வருடம் 24 பாக்கெட் வாங்குகிறவராக இருந்தால் கணக்கு நேராகும். ஊருக்கு வந்த இடத்தில் ஒரே ஒரு பாக்கெட் வாங்கியவராக இருந்தால் நேராகாது. அவரிடம் நாம் சொல்லியிருப்பது 'இந்தப் பொட்டலத்தில் 500' என்பது. நாம் நினைத்திருந்தது 'இப்படிப்பட்ட பொட்டலங்களில் சராசரியாக 500' என்பது. ஐரோப்பிய பாக்கெட்டுகளில் எடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆங்கில 'இ' எழுத்து இருக்கும். சராசரி முறையில் கட்டியது என்பதற்கு அடையாளம் அது. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம், இரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்ளும் ஓர் எழுத்து.

போன மாதம் ஒரு புதிய லைனுக்கு limit என்ன போடுவது என்று கேட்டார்கள். இயந்திரத்தை ஒரு வாரம் ஓட்டி, திட்டவிலக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "சட்டத்துல எவ்ளோ இருக்கோ அதைப் போட்ருங்களேன்" என்றார்கள். அது உங்கள் இயந்திரத்தைப் பார்த்து எழுதியதில்லை என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து எண்ணைக் கொடுத்தோம். சட்டம் விட்டுக்கொடுத்ததைவிட நான்கு கிராம் மேலே. போட்டுக்கொண்டார்கள்.